மொட்டைமாடியில் ஏழு உள்பாவாடைகள்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. சின்ன வயதில் என் பென்சிலை உடைத்தவளின் முகம் இன்றைக்கும் ஞாபகத்தில் இருக்கிறது. அவளை எங்கேயாவது பார்த்தால் சிரித்துப் பேசுவேன், ஆனால் பென்சிலை மறந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்ததைப் படித்துவிட்டு, பாவம், குழந்தை மேல் இருந்த பாசத்தில் செய்துவிட்டாள் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசிவிடுவீர்கள். பாசமும் இருந்தது. ஆனால் அன்றைக்கு என்னை மொட்டைமாடிக்கு ஏற்றியது பாசம் இல்லை.

எனக்குப் பிறந்த வீடு தேசூர் பக்கம். ஆடு, மாடு, நாலு பூனை, எல்லாம் உள்ள வீடு. வாழ்க்கைப்பட்டது ஆரணியில், பட்டுத்தறி ஓடுகிற வீட்டில். மாமியார் இல்லை. நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்தில் என் ஓரகத்தி இருந்தார், என் கணவரின் காலஞ்சென்ற அண்ணனுடைய மனைவி. என் கணவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவருக்குச் சோறு போட்டவர். அதனால் அண்ணி சொன்னால் என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். இப்போதும் அப்படித்தான்.

அக்காவின் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பெண் குழந்தை பிறந்ததே என் மகள்தான் முதல். நான் கடைத்தெருவில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்க்கிறேன். செல்போனுக்கு முன்னால் நின்று, புடவையை விரித்துக் காட்டி, பார்டர் என்ன, முந்தி என்ன என்று வீடியோவில் பேசி விற்கிற வேலை. நான் போனதும் குழந்தை அக்காவின் இடுப்பில் ஏறும். நான் திரும்பி வரும்வரை இறங்காது. அக்கா தறியில் உட்கார வேண்டிய நேரத்தில் மட்டும் தறிக்குழி ஓரத்தில் பாய் போட்டு உட்காரவைப்பார். மற்ற நேரமெல்லாம் இடது இடுப்பிலேயே வைத்துக்கொண்டுதான் சோறு வடிப்பார், பால் வாங்குவார், தெருவில் நின்று கதை பேசுவார்.

இதில் எனக்கு நன்றி உண்டா என்றால் உண்டு. எரிச்சலும் உண்டு. என் மகள் முதலில் சொன்ன வார்த்தை அம்மா இல்லை, 'பெய்ம்மா'. பெரியம்மா. நான் சிரித்தேன். மனசுக்குள் சிரிக்கவில்லை.

குழந்தைக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தபோது, மாசி மாதக் கடைசியில், இடது தொடையின் உள்பக்கம் ஒரு சின்னச் சிவப்புப் பரு பார்த்தேன். கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் அது பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகிவிட்டது. ஓரம் மட்டும் சிவந்து, கொஞ்சம் மேடாக, பொடிப்பொடியாகத் தோல் உரிந்து இருந்தது. நடுவில் தோல் தெளிந்து சாதாரணமாக இருந்தது. குழந்தை ஜட்டிக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படர்தாமர. நான் பாத்துக்கிறேன், நீ வேலைக்குப் போ" என்றார்.

பார்த்துக்கொண்டார்தான். நாலு நாளில் வட்டம் மங்கிவிட்டது. சிவப்பு இல்லை, உரிவது இல்லை, குழந்தை சொறியவும் இல்லை. என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். தேங்காய் எண்ணெயும் கை வைத்தியமும் என்றார். நான் மெச்சிப் பேசினேன். தெருவிலும் அக்காவின் கைராசியைப் பற்றி இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

அந்தச் சமயத்தில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது, வைகாசியில். தேதி குறித்து வெற்றிலை பாக்கு மாற்ற நான் குழந்தையோடு தேசூருக்குப் போனேன். போக ஒரு நாள், இருக்க ஒரு நாள், வர ஒரு நாள். மூன்றாம் நாள் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குழந்தை தொடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தால் பழைய இடத்தில் வட்டம் இரண்டு மடங்காக வந்திருக்கிறது. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். இன்னொரு தொடையில் ஒன்று, அடிவயிற்றில் ஒன்று. ஓரம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கலங்கிப்போய்க் கிடந்தது.

அக்கா குழந்தையை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கினார் என்ன, பிடுங்கினார். பிறகு தெருவாசலில் நின்றுகொண்டே கேட்டார்:

"நல்லா ஆக்கி அனுப்பன பிள்ளய இப்படிக் கொண்டாந்து நிறுத்திகினு இருக்கியே. ஆட்டோட ஆடா படுக்கவெச்சியா?"

எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேசூரில் குழந்தை ஆட்டைத் தொட்டது உண்மை. பூனையைத் தூக்கிக்கொண்டு திரிந்ததும் உண்மை. அதனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறந்த வீட்டின் மேலேயே சந்தேகப்பட வைத்தார் பாருங்கள், அதற்காகத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது அக்கா தீர்ப்பு சொன்னார். குழந்தைக்கு உடம்பு சுத்தமாகி மூன்று மாதம் ஆகிறவரை தேசூர்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம். என் வீட்டுக்காரர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அண்ணி சொல்வதும் சரிதானே என்றார். என் ஒரே தம்பியின் கல்யாணம். புது அத்தை மடியில் உட்காரவேண்டிய குழந்தையை விட்டுவிட்டு நான் தனியாகப் போய் நிற்க வேண்டும். ஏன் குழந்தை வரவில்லை என்று கேட்கிறவர்களிடம், உங்கள் வீடு அசிங்கம் என்று சொல்லிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு முடிவு எடுத்தேன். குழந்தையைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். எங்கள் வீட்டிலிருந்து இது வரவில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் போவேன்.

வேலூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஆரணிக்கு வந்துபோகிற தோல் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. குழந்தையின் துணியெல்லாம் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கு, நகம், அக்குள் என்று பார்த்தார். தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தலையில் வந்திருந்தால் முடி கொட்டும், அதற்கு மேலே பூசுகிற மருந்து போதாது, வாய்வழியாகவே கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். நல்லவேளை, தலையில் இல்லை. தொடை மடிப்பில் இன்னொன்றைக் காட்டினார். அது வட்டமாக இல்லை. பளபளவென்று சிவந்து, சுற்றிலும் குட்டிக் குட்டிப் புள்ளிகளோடு இருந்தது. இதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு ஜாதிப் பூஞ்சை, ஈரத்தோடு டயப்பர் கட்டிவிட்டால் வருவது என்றார். அதற்கு நான்தான் காரணம். வெளியே போகும்போதெல்லாம் டயப்பர் கட்டுகிறவள் நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மொண்ணையான பிளேடால் வட்டத்தின் ஓரத்தை மெல்லச் சுரண்டினார். தவிடு மாதிரி வந்ததை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இழை இழையாக, அங்கங்கே கிளை பிரிந்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கிடந்தது. நான் நாள் முழுக்க நூலைக் காட்டிப் பிழைக்கிறவள். என் குழந்தையின் தோலுக்குள் யாரோ தறிக்கு நெடுக்குநூல் இழுத்தது போலப் பாவு விரித்திருந்தார்கள்.

என்ன களிம்பு போட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். தேங்காய் எண்ணெய்தான் என்றேன். அவர் நம்பவில்லை. சும்மா விட்ட படர்தாமரையின் ஓரம் தெளிவாக இருக்கும், இது கலங்கி, வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறது, யாரோ கலப்பு மருந்து போட்டிருக்கிறார்கள் என்றார். ஆட்டைப் பற்றிக் கேட்டேன். ஆடு, மாடு, நாய், பூனை எதிலிருந்தும் வரலாம், ஆனால் மிருகத்திடமிருந்து வந்தது பெரும்பாலும் நன்றாக வீங்கிச் சிவந்து இருக்கும், அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளிலேயே இனிப்பானது.

"குழந்தைய இடுப்புல தூக்கறது யாரு?"

அவர் குழந்தையைத் தூக்கித் தன் இடது இடுப்பில் வைத்துக் காட்டினார். ஒரு தொடை முன்னால், ஒரு தொடை பின்னால், அடிவயிறு பக்கவாட்டில் ஒட்டிக்கொள்கிறது. வட்டங்கள் இருந்ததும் அந்த மூன்று இடத்தில்தான். புடவை கட்டினால் இடது பக்க இடுப்புதான் திறந்திருக்கும், பாவாடைக் கயிறு இறுக்குகிற இடத்தில்தான் வியர்வை தங்கும், அங்கே படர்தாமரை இருக்கிற பெண்கள் இந்த ஊரில் நிறைய என்றார். நான் வீட்டில் நைட்டி, வெளியில் சுடிதார். என் இடுப்புக்கும் குழந்தையின் தொடைக்கும் நடுவில் எப்போதும் துணி இருக்கும். எங்கள் வீட்டில் புடவை கட்டுகிறவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்தேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். தறிக்குழி பக்கத்தில் அவர் நூல்கண்டும் கத்தரியும் போட்டுவைக்கிற தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில், துணியில் சுற்றி, பாதிக்கு மேல் பிதுக்கிய ஒரு களிம்பு ட்யூப் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, சுற்றியிருந்தபடியே சுற்றிவைத்தேன். பெட்டியை மூடும்போது எனக்கு ஒரே சந்தோஷம்.

டாக்டரம்மா அடுத்து ஊருக்கு வந்த நாளில் போட்டோவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அரிப்பை அமுக்க ஸ்டீராய்டு ஒன்று, மூன்றும் கலந்த களிம்பு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கிவிடும். தோல் ஆறிவிட்டது போலத் தெரியும். ஆனால் தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடுவதால் பூஞ்சை அடியில் சௌகரியமாகப் பரவும். போடுவதை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். குழந்தையின் மெல்லிய தோலில், அதுவும் தொடை மடிப்பில், போடவே கூடாது.

நிறுத்திய இரண்டு மூன்று நாள். நான் தேசூரில் இருந்த மூன்று நாள். களிம்பு இல்லாத மூன்று நாள். ஆடு இல்லை, பூனை இல்லை, என் அம்மா வீட்டுப் பாய் இல்லை. அக்காவின் கைராசி ட்யூபுக்குள் இருந்தது. அது மூன்று நாள் லீவில் போனதும் குட்டு வெளிப்பட்டது.

இதை அக்காவிடம் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் என்னைத் தெருவாசலில் நிற்கவைத்துக் கேட்டவர்.

டாக்டரம்மா வீட்டில் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆட்டைப் பற்றி டாக்டர் உங்களிடம் பேசவேண்டும் என்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா சந்தோஷமாகப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரும் வந்தார். அவர் முதுகில் வெளிறிய திட்டுகள் உண்டு. அது தேமல், அதுவும் ஒரு பூஞ்சைதான், ஆனால் இப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுவது இல்லை என்று சொல்லி அவரை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். என்னையும் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. அக்காவைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

குழந்தையை வைத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன். போகவேண்டிய அவசியம் இல்லை, பார்க்கவேண்டும் என்றுதான் போனேன். அக்கா பாவாடைக் கயிற்றைத் தளர்த்தினார். இடுப்பைச் சுற்றி, முன்னும் பின்னும், கருஞ்சிவப்பாக, வட்டத்தோடு வட்டம் சேர்ந்து பெரிய தேசப்படம் போல் இருந்தது. நடுநடுவே தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்திருந்தது. எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டதற்கு, ஒரு வருஷத்துக்கு மேலே என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னார். சூடு என்று நினைத்தாராம். தறிக்குழியில் ஃபேன் போட முடியாது, பாவு காய்ந்து இழை அறுந்துவிடும். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த சூடு என்று நினைத்தாராம். அரிக்கும்போதெல்லாம் ட்யூபைப் போட்டிருக்கிறார். குழந்தைக்கும் அதையே போட்டிருக்கிறார். தனக்குக் கேட்ட மருந்து பிள்ளைக்கும் கேட்கட்டும் என்றுதான் போட்டாராம்.

இதைக் கேட்டபோது ஒரு நொடி எனக்கு இரக்கம் வந்தது. வந்ததை மறைக்கவில்லை. ஆனால் 'ஆட்டோட ஆடா' என்ற வார்த்தை அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

டாக்டரம்மா மருந்து எழுதினார். குழந்தைக்குப் பூஞ்சைக்கு மட்டுமான களிம்பு, காலையும் மாலையும், வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு, வெளியிலிருந்து உள்ளே தடவ வேண்டும். மறைந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது, மறைந்த பிறகும் இரண்டு வாரம். அரைஞாண் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு. குளித்ததும் மடிப்புகளை ஒற்றி உலர்த்த வேண்டும். அக்காவுக்குக் களிம்போடு மாத்திரையும் எழுதினார். பழைய ட்யூபைக் குப்பையில் போடச் சொன்னார். நிறுத்திய முதல் வாரம் அரிப்பு இன்னும் கடுமையாக வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கடைசியாக இரண்டு சொன்னார். ஒன்று, முழுசாகச் சரியாகிறவரை குழந்தையை இடுப்பில் தூக்கக் கூடாது. இரண்டு, உள்துணியைக் கொதிக்கிற தண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும்.

இந்த இரண்டாவதில்தான் எனக்குக் கண் மின்னியது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் உள்பாவாடையை வெயிலில் போடமாட்டாள். மாடிப்படிக்குக் கீழே, இருட்டில், கொடியில் போட்டு அதன் மேல் ஒரு துண்டையும் போட்டு மூடிவிடுவார்கள். ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் கயிறு நுழைகிற மடிப்பு ஈரமாகவே இருக்கும். அதை அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீட்டை யாராலும் கட்டிக் கொடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை. தெருவில் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் முடி உலர்த்துகிற நேரம். அக்காவின் ஏழு உள்பாவாடைகளையும் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துத் துவைத்தேன். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், தெருவைப் பார்த்த பக்கத்துக் கொடியில், உள்பக்கத்தைத் திருப்பி, ஒன்றன்பின் ஒன்றாக விரித்துப் போட்டேன். கயிறு இருக்கிற மடிப்பைத் தனியாக இழுத்துவிட்டேன். புடவையை விரித்துக் காட்டுவது என் தொழில். அன்றைக்கு ரொம்ப நன்றாக விரித்தேன்.

எதிர்மாடியில் எதிர்வீட்டுக்காரி. என்ன இது, இப்படி வெட்டவெளியில் என்று கேட்டாள். அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். என் பதிலைக் கொதிக்கிற அண்டா முன்னால் நின்றே தயார் செய்துவைத்திருந்தேன்.

"அக்காவுக்கு இடுப்பு ஃபுல்லா படர்தாமரைங்க. ஒரு வருஷமா மறச்சி வெச்சிகினு இருந்திருக்காங்க. குழந்தைக்கும் அவங்ககிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சி. எங்க வீட்டு ஆட்டுகிட்ட இருந்து இல்ல."

வேண்டிய அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மாடியில் இரண்டு பேர் முடி உலர்த்துவதை நிறுத்தினார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு குளிர்ச்சி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

திரும்பினேன். மாடிப்படியின் கடைசிப் படியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். குழந்தை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்திருந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கி, பெய்ம்மா, பெய்ம்மா என்று குதித்தாள். அக்கா குனியவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கொடியில் ஆடிக்கொண்டிருந்த தன் ஏழு பாவாடைகளையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். குழந்தை அழுதாள். நான் தூக்கிக்கொண்டேன்.

முதல் வாரம் டாக்டரம்மா சொன்னது போலவே வந்தது. ட்யூப் இல்லாமல் அக்காவுக்கு அரிப்பு பிடுங்கியது. தறியில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து போனார். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. குழந்தைக்கும் இரண்டு நாள் சிவந்து பேஜார் பண்ணியது, பிறகு அடங்கியது. அக்காவுக்கு முதுகுப் பக்கம் கை எட்டாது. களிம்பைத் தடவிவிடட்டுமா என்று நானே கேட்டேன். கேட்டதும் பழிதான். என் கை உன் இடுப்பில் பட்டால்தான் உனக்கு ஆறும் என்று காட்டுகிற பழி. அக்கா வேண்டாம் என்றார். தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையில் துணி சுற்றி, களிம்பைத் தொட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தானே தடவிக்கொண்டார். நேரம் தவறாமல் மாத்திரை போட்டார். பாவாடைகளைத் தானே கொதிக்கவைத்துத் துவைத்து, தானே மாடிக்குக் கொண்டுபோய், அதே கொடியில், அதே மாதிரி உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டார். ஒரு மாதத்தில் எதிர்வீட்டுக்காரியின் பாவாடைகளும் வெயிலுக்கு வந்தன. அவளுக்கும் இருந்திருக்கிறது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி உள்பாவாடைதான்.

மூன்றாவது வாரம் குழந்தையின் வட்டங்கள் மறைந்தன. முதலில் மேடு அடங்கியது, பிறகு உரிவது நின்றது, கடைசியில் லேசான கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. சொன்னபடி இன்னும் இரண்டு வாரம் தடவினேன். என் வீட்டுக்காரரே பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணத்தில் என் மகள் மணப்பெண்ணின் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். நான் ஜெயித்தேன்.

அக்காவும் கல்யாணத்துக்கு வந்தார். என் அம்மாவிடம் மரியாதையாகப் பேசினார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆட்டுக்கொட்டாய்ப் பக்கம் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குழந்தை ஓடிப்போய்க் கையைத் தூக்கியபோது மட்டும் குனிந்து ஆட்காட்டி விரலை நீட்டினார். குழந்தை விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்று முழுக்க நான்தான் தூக்கினேன். இடுப்பு விட்டுப்போனது.

அக்காவுக்குக் குணமாக மூன்று மாதம் ஆனது. டாக்டரம்மா சுரண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, இனிமேல் பயமில்லை என்றார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். தூக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. சோறு ஊட்டினார், தலை வாரினார், பாட்டு சொல்லிக்கொடுத்தார், விரலைக் கொடுத்தார். இடுப்பைக் கொடுக்கவில்லை. குழந்தை கொஞ்ச நாள் அழுதுவிட்டு, பிறகு கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். நான் வேலைக்குப் போய் வந்த அலுப்போடு அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இந்த வீட்டில் பழிவாங்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நாலு வருஷம் போய்விட்டது. போன மாதம் போளூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நானும் அக்காவும் மகளும் பஸ்ஸில் திரும்பினோம். மகளுக்கு ஐந்தரை வயது. பஸ்ஸிலேயே தூங்கிப்போனாள். ஆரணியில் இறங்கியபோது அவள் என் தோளில், என் இரண்டு கையிலும் பை. நின்ற இடத்தில் நின்று, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, என் வாயால் கேட்டேன்.

"அக்கா, கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா?"

அக்கா குழந்தையின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு என் கையிலிருந்த இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டார்.

"தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க இல்ல" என்றார்.